தொலையவில்லை, கரையான் அரித்தது

எங்கள் தெருவில் தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருநாள் காலையில் பிளாஸ்டிக் பை ஒன்றோடு வந்தார். பைக்குள் மண்கட்டி போல ஏதோ இருந்தது. கொஞ்சம் தட்டியதும் நீல அட்டை தெரிந்தது. அவருடைய வங்கிப் பாஸ்புக். பரணில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் சுவர் வழியாகக் கரையான் ஏறி, பட்டுப்புடவையை விட்டுவிட்டுப் பாஸ்புக்கைத் தின்றிருக்கிறது. முதல் பக்கத்தில் பாதி இருந்தது. புகைப்படத்தில் நெற்றியும் ஒரு கண்ணும் மிச்சம். கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் காணோம்.

"எங்க வீட்டுக்காரர் நேத்தே பேங்க்குக்குப் போய்ட்டு வந்துட்டாரு சார். இதைக் காட்டினா திட்டுவாங்கன்னு, தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாரு. அவங்க ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் கொண்டு வா, போலீஸ் ஸ்டேஷன்ல ரசீது வாங்கிட்டு வான்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றார்.

வங்கிக் கவுண்டரில் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தவறை எத்தனையோ பேர் செய்து பார்த்திருக்கிறேன். சிதைந்த பாஸ்புக்கைக் காட்ட வெட்கப்பட்டு, தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள். தொலைந்தது என்பது ஒரு கதை, சிதைந்தது என்பது வேறு கதை. கடிதத்தில் இந்த ஒரு சொல்லை மாற்றி எழுதினால் வங்கி கேட்கும் தாள்களும் மாறிவிடும், நீங்கள் கையெழுத்துப் போட்டு ஏற்கும் பொறுப்பும் மாறிவிடும்.

ஏன் என்று புரிந்துகொள்ள, பணம் எடுக்கும் சீட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். காசோலைப் புத்தகம் இல்லாத சேமிப்புக் கணக்குக்காரர் கவுண்டரில் பணம் எடுக்க ஒரு சீட்டை நிரப்புவார் அல்லவா? அந்தச் சீட்டில், இது காசோலை அல்ல, இதோடு பாஸ்புக்கையும் காட்டினால்தான் பணம் தரப்படும் என்ற பொருளில் ஒரு வரி அச்சிட்டிருக்கும். பலர் அதைப் படிப்பதே இல்லை. ஆனால் வங்கியின் கண்ணில் பாஸ்புக்குக்கு மதிப்பு வருவது அந்த வரியால்தான். பாஸ்புக் பணம் அல்ல. யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பணம் சேரும் என்ற வகைப் பத்திரமும் அல்ல. வங்கியின் பேரேட்டில் உங்கள் பெயருக்கு எழுதியிருப்பதன் பிரதி, அவ்வளவே. ஆனால் அது தவறான கையில் சிக்கி, அந்தக் கைக்குச் சொந்தக்காரர் உங்கள் கையெழுத்தையும் போலியாகப் போடத் தெரிந்தவராக இருந்தால், கவுண்டரில் அது ஒரு அடையாளமாக வேலை செய்துவிடும்.

ஒருவர் தொலைத்துவிட்டேன் என்று சொன்னதும் வங்கிக்கு வரும் கவலை இதுதான். பழைய பாஸ்புக் எங்கோ முழுசாக இருக்கிறது. யாரிடம் என்று தெரியாது. இப்போது புதிதாக ஒன்றும் கொடுத்துவிட்டால் ஒரே கணக்குக்கு இரண்டு பாஸ்புக் வெளியே நடமாடும். அந்தக் கவலைக்குக் காப்பாகத்தான் போலீஸ் ரசீதும் முத்திரைத்தாளில் இண்டெம்னிட்டியும் கேட்கிறார்கள். பாஸ்புக் சிதைந்திருந்தால் இந்தக் கவலைக்கே இடமில்லை. மிச்சத்தைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிடலாம். வெளியே நடமாட ஒன்றும் இல்லை. பாதி தின்ற பாஸ்புக்கைக் கையில் வைத்துக்கொண்டு தொலைந்ததாக எழுதிக் கொடுப்பது, இல்லாத ஆபத்துக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுவதாகும். அது பொய் என்பது வேறு விஷயம்.

அதனால் நான் அவரிடம் முதலில் சொன்னது, அந்த மண்கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்பதுதான். மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டி, கரையானைப் போக்கி, பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். படிக்க முடிகிற எல்லாப் பக்கங்களையும் அவர் மகள் கைபேசியில் படம் எடுத்தாள். இதை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். சில கிளைகளில் பழையதன்மேல் ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள், சில கிளைகளில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வாங்கி வைத்துக்கொண்டால் பழைய பதிவுகள் உங்கள் கண்ணுக்குத் திரும்ப வராது.

மழையில் நனைந்த பாஸ்புக் என்றால் பக்கங்களுக்கு இடையில் வெள்ளைத் தாளை வைத்து நிழலில் உலர விடுங்கள். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இழுத்துப் பிரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்து வரும். கிழிந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டி, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று பதிவு போடக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த டேப் பிரின்டருக்குள் சிக்கிக்கொண்டால் வரிசையில் பின்னால் நிற்பவர்களின் சாபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டிவரும்.

இனி கடிதம். எந்த மொழியில் எழுதுவது என்று அவர் கேட்டார். தமிழில்தான். கணக்குத் தொடங்கும் படிவம், பணம் கட்டும் சீட்டு, பாஸ்புக் போன்ற அச்சுத்தாள்களை ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி என்று மூன்றிலும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டுக் கிளையில் தமிழ்க் கடிதத்துக்குத் தயங்க வேண்டியதில்லை. கணக்கு எண்ணையும் தேதியையும் தொகையையும் எண்களில் தெளிவாக எழுதிவிட்டால், தமிழ் தெரியாத அதிகாரிக்கும் வேலை நடந்துவிடும்.

கணக்கு எண்தான் போய்விட்டதே, அதற்கு என்ன செய்வது? பழைய பணம் கட்டிய சீட்டின் அடிக்கட்டை, கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி, காசோலை, எரிவாயு மானியத்துக்கோ நூறு நாள் வேலைக்கோ கொடுத்த ஜெராக்ஸ் என்று வீட்டில் எங்கேயாவது கிடைத்துவிடும். இவருக்கு மகளிர் உரிமைத்தொகைக்காக எடுத்து வைத்திருந்த முதல் பக்க ஜெராக்ஸ் கிடைத்தது. கிடைக்காவிட்டாலும் ஆதார் அட்டையோடு போனால் கிளையிலேயே பெயரை வைத்துத் தேடிச் சொல்லிவிடுவார்கள்.

பழைய பாஸ்புக்கில் இருக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டை மட்டும் அப்படியே நம்பி எழுத வேண்டாம். 2019-லும் 2020-லும் வங்கிகள் ஒன்றோடொன்று இணைந்தபோது விஜயா, தேனா, சிண்டிகேட், ஆந்திரா, கார்ப்பரேஷன், அலகாபாத் என்று பல பெயர்கள் மறைந்தன. அவற்றின் குறியீடுகளும் பிறகு செல்லாமல் போயின. அந்த வங்கிகளின் பழைய பாஸ்புக் வைத்திருப்பவர்களுக்கு, கரையான் அரித்தது ஒரு வகையில் நல்லதுதான்.

நாங்கள் எழுதிய கடிதம் இது. பெயர், எண்களை மட்டும் விட்டுவிட்டுத் தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர்), க/பெ (பெயர்), (கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு), கைபேசி (வங்கியில் பதிவு செய்த எண்).

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், (வங்கி, கிளை).

பொருள்: சேமிப்புக் கணக்கு எண் ……, கரையான் அரித்துச் சிதைந்த பாஸ்புக்கை ஒப்படைத்து மாற்றுப் பாஸ்புக் கோருதல்.

ஐயா,

நானும் என் கணவரும் தங்கள் கிளையில் மேற்கண்ட எண்ணில் கூட்டுச் சேமிப்புக் கணக்கு வைத்துள்ளோம். இக்கணக்குக்கு வழங்கப்பட்ட பாஸ்புக்கை வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தோம். …… தேதியன்று எடுத்துப் பார்த்தபோது கரையான் அரித்துச் சிதைந்திருந்தது. முதல் பக்கத்தில் பாதியும் உள்ளே பதினொரு தாள்களும் எஞ்சியுள்ளன. மற்றவை முற்றிலும் அழிந்துவிட்டன. பாஸ்புக் தொலையவில்லை. யாரிடமும் கொடுக்கப்படவும் இல்லை.

எஞ்சிய பகுதியை இக்கடிதத்துடன் ஒப்படைக்கிறோம். அதை ரத்து செய்து மாற்றுப் பாஸ்புக் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அதற்குரிய கட்டணத்தை எங்கள் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கிறோம்.

மேலும், 01.04.2022 முதல் 31.03.2023 வரையிலான கணக்கு விவரத்தைக் கிளை முத்திரையுடன் தனியாகத் தரவும் வேண்டுகிறோம்.

இணைப்பு: சிதைந்த பாஸ்புக்கின் எஞ்சிய பகுதி, இருவரின் ஆதார் நகல், உறுதிமொழித் தாள்.

இப்படிக்கு, (இருவர் கையொப்பம், தேதி, இடம்).

அவ்வளவுதான். முதலில் அவர் எழுதி வந்ததில் கரையான் எப்படி வந்தது, வீட்டுச் சொந்தக்காரரிடம் எத்தனை முறை சொல்லியும் சுவரைப் பூசவில்லை என்றெல்லாம் ஒரு பக்கம் இருந்தது. மேலாளருக்கு அது தேவையில்லை. எப்படிச் சிதைந்தது, எவ்வளவு மிச்சம், அது இப்போது எங்கே, வேறு யார் கையிலாவது போனதா என்ற நான்குக்கும் விடை கிடைத்தால் அவருக்குப் போதும். எத்தனை தாள் மிச்சம் என்று எண்ணி எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பின்னால் ஒருநாள், உள்ளே முழுசாக இருந்ததே என்று யாரும் சொல்ல முடியாது.

பொருள் வரியில் 'நகல்' என்று எழுதாமல் 'மாற்று' என்று எழுதியதையும் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் நகல் என்றால் ஜெராக்ஸ். பாஸ்புக் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவருக்கு முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். பேச்சில் டூப்ளிகேட் பாஸ்புக் என்றால் எல்லாருக்கும் புரியும்.

அடுத்தது உறுதிமொழி. கவுண்டரில் இண்டெம்னிட்டி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். கேட்பவருக்கு நீதிமன்றத்துக்குப் போகிற பயம் வந்துவிடும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 124-ஆம் பிரிவில் இதற்கு விளக்கம் சொல்கிறது. என் செயலாலோ வேறு ஒருவர் செயலாலோ உனக்கு ஏற்படும் இழப்பிலிருந்து உன்னைக் காப்பேன் என்று ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் வாக்குத்தான் அது. ஜாமீன் வேறு, இது வேறு. ஜாமீனில் மூன்றாவது ஆள் ஒருவர் வருவார். இதில் நீங்களும் வங்கியும் மட்டும்தான். சிதைந்த பாஸ்புக்கைக் கையில் கொடுத்த பிறகும் ஜாமீன்தாரரைக் கூட்டி வா என்று யாராவது சொன்னால், எந்த விதிப்படி என்று பணிவாகக் கேளுங்கள்.

பயப்பட வேண்டாமே தவிர, கண்ணை மூடிக்கொண்டும் கையெழுத்துப் போடக்கூடாது. அந்த வாக்கை மீறினால் என்ன ஆகும் என்பதை அடுத்த பிரிவான 125 சொல்கிறது. வங்கி கட்ட நேர்ந்த இழப்பீட்டை மட்டுமல்ல, வழக்கு நடத்திய நியாயமான செலவையும் உங்களிடம் கேட்கலாம். ஆகவே எந்த இழப்புக்கு வாக்குக் கொடுக்கிறோம் என்பதை அந்தத் தாளிலேயே வேலி போட்டு எழுத வேண்டும். நாங்கள் எழுதியது இப்படி:

(வங்கி, கிளை) …… எண்ணுள்ள சேமிப்புக் கணக்கின் கூட்டு உரிமையாளர்களான நாங்கள் இருவரும் எழுதிக் கொடுப்பது. இக்கணக்கின் பாஸ்புக் கரையானால் சிதைந்துவிட்டது. எஞ்சிய பகுதியை இன்று கிளையில் ஒப்படைத்துவிட்டோம். அந்தப் பாஸ்புக்கை யாரிடமும் அடமானமாகவோ பொறுப்பாகவோ நாங்கள் கொடுக்கவில்லை. அழிந்ததாகக் கருதும் தாள்கள் எவையேனும் பின்னர் கிடைத்தால் உடனே கிளையில் சேர்ப்போம். மாற்றுப் பாஸ்புக் வழங்கப்பட்ட பிறகு, பழைய பாஸ்புக்கை நாங்களோ எங்கள் வழியாக வேறு எவருமோ பயன்படுத்தியதால் வங்கிக்கு இழப்பு ஏற்பட்டால் அதை ஈடு செய்வோம். வங்கியின் தவறாலோ ஊழியரின் கவனக்குறைவாலோ ஏற்படும் இழப்பு இதில் சேராது.

இதில் இரண்டு இடங்களை விரலால் தொட்டுக் காட்டினேன். ஒன்று, 'பழைய பாஸ்புக்கைப் பயன்படுத்தியதால்' என்ற சொற்கள். வங்கி வைத்திருக்கும் அச்சுப் படிவங்களில் பெரும்பாலும் எந்த வகையிலும் எழும் எல்லா இழப்புகளுக்கும் என்று அகலமாகப் போட்டிருப்பார்கள். ஏடிஎம் மோசடியோ கைபேசி மோசடியோ நடந்தால் அதையும் இதில் இழுக்கலாமா என்ற பேச்சுக்கு அந்த அகலம் இடம் கொடுக்கும். அச்சுப் படிவத்தில்தான் கையெழுத்து வேண்டும் என்று கிளை சொன்னால், 'மேற்படி பழைய பாஸ்புக் தொடர்பாக மட்டும்' என்று பேனாவால் சேர்த்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போடக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்று கடைசி வரி. அதை எடுத்துவிடுங்கள் என்று சில மேலாளர்கள் சொல்லக்கூடும். முன்வரியில் வேலி சரியாக இருந்தால் கடைசி வரி போனாலும் பெரிய நஷ்டமில்லை. வேலியே இல்லாமல் இரண்டும் போய்விடக் கூடாது. காலி இடங்களை நிரப்பாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது எந்தக் காலத்திலும் கூடாது.

கூட்டுக் கணக்கு என்பதால் இன்னொரு சந்தேகம் வந்தது. இவர்கள் கணக்கு, இருவரில் எவரேனும் அல்லது எஞ்சியவர் இயக்கலாம் என்ற வகை. பணம் எடுக்க ஒருவர் கையெழுத்துப் போதும் என்றால் கடிதத்துக்கும் ஒருவர் போதாதா என்று கேட்டார் கணவர். கடிதத்துக்குப் போதலாம். உறுதிமொழிக்குப் போதாது. வாக்கு, கையெழுத்துப் போட்டவரைத்தான் கட்டும். ஆகவே உறுதிமொழியில் எல்லா உரிமையாளர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றே வங்கிகள் பெரும்பாலும் கேட்கும். ஒருவர் வெளியூரில் இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாம் முறை அலைய வேண்டிவரும். முன்கூட்டியே இருவர் கையெழுத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

முத்திரைத்தாள் வேண்டுமா? பழையதை ஒப்படைக்கும்போது பல கிளைகள் வெள்ளைத்தாள் உறுதிமொழியோடு நிறுத்திக்கொள்ளும். சில கேட்கும். கேட்டால், எவ்வளவு மதிப்புள்ள தாள் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு கணக்குக்காரர் பெயரில் வாங்குங்கள். அந்த மதிப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், அவ்வப்போது மாறவும் செய்யும். பக்கத்து வீட்டுக்காரர் போன ஆண்டு வாங்கிய விலையை நம்பி முன்னதாகவே வாங்கி வைத்தால், தாளும் வீண், காசும் வீண். நிரந்தர வைப்பு ரசீது தொலைந்த சமயத்தில் வங்கி காட்டும் கடுமையோடு இதை ஒப்பிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்த ரசீது ஒரு குறிப்பிட்ட தொகைக்கு எழுதிக் கொடுத்த தாள். பாஸ்புக் அப்படியல்ல.

கிளைக்குப் போன அன்று நானும் துணைக்குப் போனேன். கணக்கு இருக்கும் சொந்தக் கிளைக்குத்தான் போக வேண்டும். கையெழுத்து மாதிரியும் பழைய படிவங்களும் அங்கேதான் இருக்கும். கடிதத்தை இரண்டு பிரதியாக எடுத்துப் போய், ஒன்றில் தேதி முத்திரையும் சுருக்கொப்பமும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். பாஸ்புக்கின் மிச்சத்தை நாம் கொடுத்தோம் என்பதற்கு அந்த முத்திரை ஒன்றுதான் சாட்சி. அதை வாங்காமல் வந்தால், சிதைந்தது மறுபடி தொலைந்ததாகிவிட வாய்ப்பு உண்டு.

ஒரு தடங்கல் வந்தது. கையெழுத்து ஒத்துவரவில்லை. கணக்குத் தொடங்கியபோது அவர் எழுத்துக்கூட்டி முழுப்பெயரையும் எழுதியிருக்கிறார். இப்போது வேகமாகச் சுழித்துப் போடுகிறார். மாற்றுப் பாஸ்புக் கேட்கும் கடிதங்கள் திரும்பி வருவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இதுதான். அதிகாரி முன்னிலையில் புதிய மாதிரிக் கையெழுத்துப் படிவம் எழுதிக் கொடுத்து, அதன் பிறகு கடிதத்தைக் கொடுத்தோம். அரைமணி நேரம் கூடுதலாக ஆனது.

கட்டணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேமிப்புக் கணக்குக்கு முதல் பாஸ்புக் இலவசம். பக்கம் தீர்ந்தால் தரும் தொடர்ச்சிப் பாஸ்புக்குக்கும் காசு கிடையாது. மாற்றுக்குத்தான் கட்டணம். அது வங்கிக்கு வங்கி வேறுபடும், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. இவரிடம் 100 ரூபாயும் வரி 18 ரூபாயும் ஆக 118 ரூபாய் பிடித்தார்கள். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு என்றால் மாற்றுப் பாஸ்புக்குக்கு 50 ரூபாயும் வரியும். பாஸ்புக்கில் இரண்டே பக்கம்தான் மிச்சம் என்ற நிலையில் சிதைந்திருந்தால், தொடர்ச்சியாகவே தந்துவிடுங்களேன் என்று கேட்டுப் பார்க்கலாம். வங்கியின் பதிவு இயந்திரமே பாஸ்புக்கைக் கிழித்திருந்தாலோ, ஒரு வரிமேல் இன்னொரு வரியை அடித்துப் படிக்க முடியாமல் செய்திருந்தாலோ, அதைக் கடிதத்தில் எழுதிக் கட்டணம் வேண்டாம் என்று கேளுங்கள். நம் தவறு இல்லாததற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? வெள்ளம் வந்து தெருவே மூழ்கிய சமயத்திலும் கட்டணத் தள்ளுபடி கேட்டு ஒரு வரி சேர்ப்பதில் தவறில்லை.

மூன்றாம் நாள் புதிய பாஸ்புக் கிடைத்தது. அதை வாங்கியதும் கவுண்டரை விட்டு நகராமல் முதல் பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். பெயர் எழுத்துகள், இருவர் பெயரும் இருக்கிறதா, கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கிளையின் முகவரி, புகைப்படத்தின் மேல் பாதி விழுந்த முத்திரை, அதிகாரி கையெழுத்து. அத்தோடு வாரிசு நியமனம் பதிவாகியிருக்கிறது என்ற குறிப்பு. இந்தக் குறிப்பைப் பாஸ்புக்கில் போட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. இவர் பாஸ்புக்கில் அது இல்லை. விசாரித்ததில் கணக்கு தொடங்கியபோதே யாரையும் நியமிக்கவில்லை என்று தெரிந்தது. அங்கேயே படிவம் வாங்கி மகள் பெயரைக் கொடுத்தார். கரையான் வராமல் இருந்திருந்தால் இது எத்தனை ஆண்டுக்குத் தெரியாமல் கிடந்திருக்குமோ.

முதல் பக்கத்தில் முத்திரையும் கையெழுத்தும் இல்லாத பாஸ்புக், பல அலுவலகங்களில் செல்லாது. வாக்குச்சாவடியில் வாக்காளர் அட்டைக்குப் பதிலாகக் காட்டத்தக்க ஆவணங்களில், வங்கியோ அஞ்சலகமோ வழங்கிய புகைப்படத்துடன் கூடிய பாஸ்புக்கும் தேர்தல் ஆணையத்தின் பட்டியலில் இருக்கிறது. புகைப்படம் ஒட்டாமல் வாங்கி வந்தால் அந்தப் பயனும் போய்விடும். கிளை வாசலில் இருக்கும் தானாகப் பதியும் இயந்திரத்தில் போடுகிறவர்கள் பட்டைக்கோடு ஸ்டிக்கர் புதிதாக ஒட்டப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். பழைய பாஸ்புக்கின் ஸ்டிக்கரைப் பிய்த்துப் புதியதில் ஒட்டினால் வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தது, உள்ளே திருப்பியதும் அந்த அம்மா முகம் வாடிவிட்டது. "பழைய வரவு ஒண்ணையும் காணோமே சார்!"

இது எல்லாருக்கும் வரும் ஏமாற்றம். மாற்றுப் பாஸ்புக் என்றால் பழையதை அப்படியே மறுபடி அச்சடித்துத் தருவார்கள் என்று நினைத்துவிடுகிறோம். கேட்காவிட்டால், அன்றைய இருப்பை ஒரே வரியில் முன்கொணர்ந்து அங்கிருந்துதான் புதிய புத்தகம் தொடங்கும். பழைய பதிவுகளையும் அடித்துத் தரச் சொன்னால் பல வங்கிகளில் பக்கத்துக்கு இவ்வளவு என்று தனிக்கட்டணம் உண்டு. பத்து ஆண்டுக் கணக்கு என்றால் அது சிறிய தொகையாக இருக்காது.

அதற்காகத்தான் கடிதத்தில் 2022 ஏப்ரல் முதல் ஓராண்டுக்கு மட்டும் தனி விவரம் கேட்டு எழுதியிருந்தோம். அந்த ஆண்டில் அவருடைய தம்பி வீடு கட்ட மூன்று தவணையாகப் பணம் போட்டிருந்தார். அந்தக் கணக்கு ஒன்றுதான் இவர்களுக்கு வேண்டியிருந்தது. வேண்டிய காலத்தை மட்டும் குறிப்பிட்டுக் கேட்டால் செலவும் குறையும், கிளைக்கும் வேலை குறையும். நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய விஷயம் என்றால் சும்மா அச்சடித்த தாள் போதாது. 1891-ஆம் ஆண்டின் வங்கியர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி சான்றளித்த நகல் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.

இதற்கும் ஒரு கால எல்லை இருக்கிறது. வங்கிகள் தங்கள் ஏடுகளைக் காலகாலத்துக்கும் வைத்திருக்கக் கடமைப்பட்டவை அல்ல. 1985-ஆம் ஆண்டின் விதிகள் சில ஏடுகளை ஐந்து ஆண்டும், பேரேடு போன்றவற்றை எட்டு ஆண்டும் பாதுகாக்கச் சொல்கின்றன. அதற்கு முந்தையது கணினியில் இருந்தால் உங்கள் நல்ல காலம். கையால் எழுதிய காலத்துப் பழைய பாஸ்புக் வீட்டில் இருந்தால், கணக்கே முடிந்துபோயிருந்தாலும் அதைச் சிதைந்ததென்று ஒப்படைக்க அவசரப்பட வேண்டாம். அதில் இருப்பது வேறெங்கும் இல்லாமல் போயிருக்கலாம்.

கடிதத்தை வாங்க மறுத்தாலோ, வாங்கிக்கொண்டு பதிலே சொல்லாவிட்டாலோ, முதலில் அதே வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம். முத்திரை வாங்கிய கடிதப் பிரதி அப்போதுதான் கைகொடுக்கும். எங்களுக்கு அந்த வேலை வரவில்லை. கணவர் வாங்கி வந்த பட்டியலில் இருந்த முத்திரைத்தாளும் போலீஸ் ரசீதும் கடைசிவரை தேவைப்படவில்லை. மிச்சம் இருந்த பதினொரு தாளையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அட்டையைக் கத்தரித்து, ரத்து முத்திரை குத்திக் கோப்பில் சேர்த்துக்கொண்டார் அதிகாரி.

வீட்டுக்கு வந்து புதிய பாஸ்புக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வரியில் முன்கொணர்ந்த இருப்பு. இரண்டாம் வரியில் மாற்றுப் பாஸ்புக் கட்டணம், பற்று 118 ரூபாய்.